ஏழேகாலுக்குப் போட்ட ஊசி

நான் சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு அம்மாவின் வேலை போயிற்று. நான் சொன்னது தப்பு என்று எனக்கே தெரிய நான்கு நாள் ஆயிற்று.

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனராக ஒன்றரை வருடம், ஓசூரில் பரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவனாகச் சில மாதம், புதுச்சேரியில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் ஒரு மழைக்காலம். ஓர் ஊரில் இரண்டு தீபாவளி பார்த்தது கிடையாது. பழுதுக்கு வந்து யாரும் திரும்ப வாங்கிப் போகாத ஒரு போனில்தான் வீடியோ பார்த்து ஆப் எழுதக் கற்றுக்கொண்டேன். சென்னைக்கு வந்தபோது பட்டினப்பாக்கத்தில் நான்கு பேர் படுக்கும் அறையில் ஓர் ஓரம் கிடைத்தது. மழை பெய்தால் என் ஓரத்தில்தான் ஒழுகும். லேப்டாப்பை மட்டும் பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்து மூடிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன்.

வேலை தியாகராய நகரில். ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், முதியவர்களையும் நோயாளிகளையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஆட்களை அனுப்பும் ஒரு சிறிய அலுவலகம் இருந்தது. நடத்தியவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பல வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு வெளியே வந்தவர். எல்லாரும் மேடம் என்போம். மயிலாப்பூர், அடையாறு, பெசன்ட் நகர் என்று நாற்பது வீடுகளுக்கு மேல் அவருடைய பெண்கள் போய்வந்தார்கள். காலை எட்டுக்கு ஒருவர், மாலை எட்டுக்கு மாற்று ஆள்.

முதல் நாள் அவர் ஒரு நீள நோட்டை என் முன்னால் போட்டார். எந்த மாத்திரை எப்போது கொடுத்தது, எப்போது ஊசி போட்டது என்று ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வைக்கும் நோட்டு.

"இதப் பாரு. ஏழு நாளைக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. மாத்திரை குடுத்தது திங்கக்கிழம, எழுதுனது ஞாயித்துக்கிழம. இப்படி ஒரே இருப்புல எழுதுனா என்னத்த நம்புறது?"

"எல்லார்ட்டயும் இருக்குற மெசேஜ் ஆப்லயே ஒரு க்ரூப் போடலாமே மேடம்?"

"அதுல போட்டதப் பொறவு அழிச்சிரலாம்லா? எனக்கு அழிக்க முடியாத ஒண்ணு வேணும். நேரத்துல பொய் சொல்ல முடியாத ஒண்ணு வேணும்."

அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. ஃபயர்ஸ்டோர் என்கிற இணையத் தரவுத்தளத்தை வைத்து ஒரு சின்ன அரட்டை ஆப் செய்தேன். வீட்டுக்கு ஒரு க்ரூப், எல்லாருக்கும் பொதுவாக ஒரு க்ரூப். க்ரூப்பைத் திறந்ததும் போனில் ஒரு லிசனர் உட்கார்ந்துகொள்ளும். நீ போய்ப் போய்ப் பார்க்க வேண்டாம், அந்த க்ரூப்பில் எது மாறினாலும் அதுவே வந்து சொல்லும். அடையாற்றில் ஒருத்தி எழுதினால் மேடத்தின் மேஜை மேல் கிடக்கும் போனில் அடுத்த நொடி தெரியும். மேடம் அதைப் பார்த்து முதல் நாள் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

சிக்னல் இல்லாத இடத்திலும் அது வேலை செய்தது எனக்குப் பெருமை. எழுதியது முதலில் போனுக்குள்ளேயே பதிவாகி, உடனே திரையில் தெரிந்துவிடும். சிக்னல் வந்த பிறகு தானாக மேலே போகும். ஆரம்பத்தில் நான், மேலே போய்ச் சேர்ந்துவிட்டது என்று பதில் வரும்வரை பொத்தான் சுற்றிக்கொண்டே இருக்கும்படி எழுதியிருந்தேன். சிக்னல் இல்லாத வீடுகளில் அந்தப் பதில் வரவே வராது. பொத்தான் சுற்றிக்கொண்டே இருந்தது. பெண்கள் திட்டினார்கள். நான் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டேன். கூடவே, பதில் 'முடியாது' என்று வந்தால் அதைக் கவனிக்கிற நிரல் வரியும் போய்விட்டது. அன்றைக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

பாதுகாப்பு விதிகளை சர்வரில் எழுதினேன். உறுப்பினர் பட்டியலில் இருப்பவர் மட்டும் படிக்கலாம், எழுதலாம். எழுதியதை யாரும் மாற்றக் கூடாது, யாரும் அழிக்கக் கூடாது. மூன்றாவது விதி பிறகு வந்தது. ஒருத்தி தாமதமாகப் போன நாளில் போனின் கடிகாரத்தைத் திருப்பி வைத்து, எட்டு மணிக்கே வந்ததாக எழுதிவிட்டாள். மேடம் கொதித்துப் போனார். நான் ஒரே ஒரு வரி சேர்த்தேன். செய்தியில் எழுதியிருக்கும் நேரத்துக்கும், அது சர்வருக்கு வந்து சேரும் நேரத்துக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அந்தச் செய்தியை ஏற்க வேண்டாம்.

"நோட்டெல்லாம் திரும்ப வாங்கிரு," என்றார் மேடம். எல்லா வீட்டிலிருந்தும் நோட்டுகள் திரும்பி வந்து, அலுவலக மூலையில் கட்டாகக் கிடந்தன.

அந்த விதியை நான் சோதித்தது அலுவலகத்தில், வைஃபைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. கடிகாரத்தைத் திருப்பினேன், ஏற்கவில்லை. சரியாக வைத்தேன், ஏற்றது. முடிந்தது வேலை என்று கீழே இறங்கிப் போய் டீ குடித்தேன்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கச் சந்து ஒன்றில் ஒரு வீடு. அங்கே மனைவியை இழந்த ஒரு பெரியவர். சர்க்கரை நோய், ஞாபகமும் தடுமாறும். பகலில் அவரைப் பார்த்துக்கொண்டது, எங்கள் பட்டினப்பாக்கத்து அம்மா ஒருவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மீன்காரக் குடும்பம். மீன் வேண்டாம் என்று இந்த வேலைக்கு வந்தவர். ஒரே பேருந்தில் நானும் அவரும் பல நாள் ஏறியிருக்கிறோம். நான் அக்கா என்பேன். அவர் என்னை நைனா என்பார்.

அந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஏழேகாலுக்கு இன்சுலின். வழக்கமாக எட்டு மணிக்கு மாற்று ஆள் வந்து முகத்துக்கு முகம் பேசிவிட்டுத்தான் பகல் ஆள் கிளம்புவது. அன்றைக்கு மழை. பெரியவரின் மகன் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். 'நான் பாத்துக்கறேன், பஸ் நின்னுடப் போறது, நீங்க கெளம்புங்கோ' என்று அவரே ஏழரைக்கு அனுப்பி வைத்தார். எட்டேகாலுக்கு வந்த மாற்று ஆள் வாசலில் நின்று க்ரூப்பைப் பார்த்தாள். உள்ளே சிக்னல் வராது என்பதால் அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் வாசலிலேயே பார்த்துவிடுவார்கள். ஊசி போட்டதாக வரி இல்லை. பகல் ஆளுக்கு இரண்டு தடவை போன் அடித்தாள், எடுக்கவில்லை. மகனுக்குத் தெரியவில்லை. பெரியவரைக் கேட்டதற்கு, யாரும் ஊசி போடவில்லை என்று அடித்துச் சொன்னார். அந்த வீட்டில் சர்க்கரை பார்ப்பது காலையில் மட்டும்தான். அவள் ஊசி போட்டாள்.

ஒரு மணி நேரத்தில் பெரியவருக்கு வியர்த்துக் கொட்டி, வாய் குழறி, யாரையும் அடையாளம் தெரியவில்லை. சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அக்காவை அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நானும் இருந்தேன்.

"ஊசி போட்டியா, போடலயா?" என்றார் மேடம்.

"போட்டேன் மேடம். ஏழேகாலுக்கு. போட்ட கையோட ஆப்புல போட்டேன்."

"எங்க இருக்கு?"

அக்கா தன் போனை எடுத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். முந்தைய நாள் வரிகள் இருந்தன. மத்தியான மாத்திரை இருந்தது, ஏனென்றால் மத்தியான மாத்திரை கொடுத்ததும் சிக்னல் கிடைக்கும் வாசலுக்குப் போய்த் துணி காயப்போடுவார். ஏழேகால் இல்லை.

"இருந்துச்சு மேடம்! பஸ் ஸ்டாப்புல தெறந்து பாத்தேன், இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். பஸ்ஸு வந்துச்சு, பையில போட்டுக்கினேன். இப்போ இல்ல."

"பஸ் ஸ்டாப்புல இருந்தது பஸ்ல ஏறிப் போயிருச்சோ?" என்று மேஜைக்குப் பின்னால் கணக்குப் பார்க்கும் பெண் சிரித்தாள்.

மேடம் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. போட்டது காணாமப் போவுமா?"

நான் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அங்கே அந்த வரி இல்லை. அழிக்க முடியாது என்று விதி எழுதியவன் நான். வேறு என்ன சொல்ல?

"போகாது மேடம். போட்டிருந்தா இருக்கும். யாராலயும் அழிக்க முடியாது."

அக்கா என் பக்கம் திரும்பினார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். பேருந்தில் தினமும் இடம் பிடித்துக் கொடுத்தவன் திடீரென்று வேறு பாஷை பேசுவது போலப் பார்த்தார்.

"இன்னா நைனா நீயும் இப்டி சொல்ற?"

மேடம் பொதுக் க்ரூப்பில் எழுதினார்: செய்யாததைச் செய்தேன் என்று பொய் சொன்னதால் ஒருவர் நிறுத்தப்பட்டார், ஒரு உயிர் போயிருக்கும், எல்லாரும் பாடம் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டின் தெருவையும் போட்டதால் யார் என்று எல்லாருக்கும் புரிந்தது. பிறகு என்னிடம் சொல்லி, உறுப்பினர் பட்டியலிலிருந்து அக்காவை எடுக்க வைத்தார். அந்தப் பொத்தானை அழுத்தியதும் நான்தான்.

அதற்குப் பிறகு பேருந்தில் அக்கா இல்லை. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அதற்காக நான் சாப்பிடாமல் இருக்கவில்லை. தப்பு செய்தவர் போனார் என்றுதான் நினைத்தேன்.

நான்காம் நாள் மேடம் என்னை மயிலாப்பூர் வீட்டுக்கு அனுப்பினார். பெரியவரின் மகன் போலீசுக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆப்பில் பதிவானது எப்படி அழியாமல் இருக்கும் என்று அவருக்குக் காட்டி, தப்பு அந்த ஆளுடையதே தவிர ஏற்பாட்டில் குறை இல்லை என்று புரியவைக்க வேண்டும். என் வேலை அதுதான்.

மத்தியானம் மூன்று மணி. முன்கூடம், நடுக்கூடம், அதைத் தாண்டிப் பின்னால் ஓர் அறை. மூன்று பக்கமும் அடுத்த வீடுகளின் சுவர். பெரியவர் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"யாருடா நீ? எலக்ட்ரீஷியனா?"

"இல்ல சார், ஆப் பண்றவன்."

"ஃபேன் சத்தம் போடறது பாரு."

மகன் பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, அவர் அதுக்கு வரலை," என்றார். நான் அவருக்கு எதிரிலேயே அந்த வீட்டு க்ரூப்பில் 'சோதனை' என்று எழுதி அனுப்பினேன். உடனே திரையில் நின்றது. "இப்படித்தான் சார். இனி இது இங்கயே இருக்கும்," என்றேன். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தேன். அதனால் என்ன, வெளியே போனதும் மேலே போய்விடும்.

பெரியவர் விடவில்லை. நான் ஸ்டூலில் ஏறி மின்விசிறியின் தளர்ந்த திருகை இறுக்கிக் கொடுத்தேன். மகன் காபி கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது.

வாசல் வரை வந்து வழியனுப்பினார். கிளம்பும்போது இன்னொரு தரம் அழுத்திச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "பாருங்க சார். அப்போ உள்ள போட்டது. அப்படியே இருக்கு பாருங்க."

'சோதனை' இருந்தது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். மேலே சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

வரி மறைந்தது.

மங்கவில்லை, சுற்றவில்லை, எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அதற்கு முந்தைய வரி கீழே இறங்கி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அங்கே ஒன்று இருந்ததற்கே அடையாளம் இல்லை.

"எங்கே?" என்றார் மகன்.

நான் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.

"இப்போ நீங்களே அழிச்சேளா?"

"இல்ல சார். அழிக்க... அழிக்க முடியாது சார் அத."

அவர் மெதுவாக, "அந்த அம்மாவும் இதைத்தானே சொன்னா? பஸ் ஸ்டாப்புல இருந்துது, அப்புறம் காணோம்னு சொன்னதா உங்க மேடம் சொன்னாளே?" என்றார்.

நான் அந்த வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் சுட்டது. லாரியில் இருந்தபோது ஒரு தடவை சக்கரத்துக்குக் கட்டை போட மறந்து, வண்டி பின்னால் உருளும்போது அதன் வழியில் ஒரு ஆள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் தாவித் தப்பித்துவிட்டார். இந்தத் தடவை யாரும் தாவவில்லை.

எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. அக்கா ஏழேகாலுக்கு எழுதினார். பின்னறையில் சிக்னல் இல்லை, போனுக்குள் நின்றது. எழுதியவர் கண்ணுக்கு, போய்ச் சேர்ந்த வரிக்கும் போகாத வரிக்கும் வித்தியாசமே தெரியாது, ஏனென்றால் அந்த வித்தியாசத்தைக் காட்டும் அடையாளத்தை நான் வைக்கவே இல்லை. ஏழரைக்குக் கிளம்பி, பேருந்து நிறுத்தத்தில் திறந்தார். போனிலிருந்த வரி தெரிந்தது. சிக்னல் கிடைத்ததும் அது மேலே போனது. அதற்குள் பத்து நிமிடம் தாண்டிவிட்டது. என் மூன்றாவது விதி அதைப் பொய் என்று முடிவு செய்து மறுத்தது. சர்வர் மறுத்ததைப் போன் வைத்துக்கொள்ளாது. தானாகவே திரையிலிருந்து எடுத்துவிடும். லிசனர் அதன் வேலையைச் சரியாகச் செய்தது. மறுப்பைக் கேட்டு உரக்கச் சொல்ல வேண்டிய நிரல் வரியை, பொத்தான் சுற்றுகிறது என்று நானே பிடுங்கிப் போட்டிருந்தேன். கடிகாரத்தைத் திருப்பினவளுக்கும், ஊசி போட்டுவிட்டுச் சிக்னல் இல்லாமல் நின்றவளுக்கும் என் விதிக்கு வேறுபாடு தெரியாது.

"ஒண்ணு சொல்லணும்," என்றார் மகன், படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து. "அவ என்கிட்ட வைஃபை பாஸ்வேர்டு கேட்டா. ரெண்டு தரம் கேட்டா. வேலைக்கு வர்றவாளுக்குக் குடுத்தா வீடியோ பாத்துண்டு உக்காந்துடுவான்னு நான் குடுக்கலை."

உள்ளேயிருந்து பெரியவர், ஃபேன் இப்போது நன்றாக ஓடுகிறது என்று கத்தினார்.

அலுவலகத்துக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தேன். விதிகள் இருக்கும் பக்கத்தில் ஒரு வரைபடம் உண்டு. எத்தனை கோரிக்கைகளை அனுமதித்தது, எத்தனையை மறுத்தது என்று காட்டும். எது, யாருடையது என்று சொல்லாது. அந்தப் பக்கத்தை அதுவரை நான் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. மூன்றாவது விதி போட்ட நாளிலிருந்து மறுப்புக் கோடு எழுந்திருந்தது. ஒரு நாளும் அது தரையைத் தொடவில்லை. அந்த ஒரு ஊசி மட்டும் இல்லை. தினமும், ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு வரி.

மேடத்திடம் சொன்னேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "நான் எத்தன பேர ஏசியிருக்கேன், வரி போடலைன்னு..." என்றார். பிறகு, எழுந்து கதவைச் சாத்தினார்.

"சரி. நீ சரி பண்ணிரு. சத்தம் காட்டாத. இது வெளிய தெரிஞ்சா ஒரு வீடு நிக்காது."

"அந்த அக்கா?"

"நான் போன் போட்டுப் பேசுதேன். வேற வீடு குடுக்கேன். க்ரூப்புல எதுவும் வேண்டாம், கேட்டியா?"

விதியை அன்று மாலைக்குள் மாற்றினேன். இப்போது செய்திக்கு இரண்டு நேரம். எழுதியதாகப் போன் சொல்லும் நேரம் ஒன்று, வந்து சேர்ந்ததாக சர்வர் போடும் நேரம் ஒன்று. இரண்டும் திரையில் தெரியும். தாமதமாக வந்தால் தாமதம் என்று பார்ப்பவருக்குப் புரியும், ஆப் எந்த வரியையும் விழுங்கிவிடாது. போய்ச் சேராத வரி சாம்பல் நிறத்தில் நிற்கும், சேர்ந்ததும் கறுக்கும். மறுக்கப்பட்டால் சிவப்பாகி, என்ன எழுதினோம் என்பதோடு அங்கேயே கிடக்கும். அப்படி நிற்கும்படி அதற்குத் தனியே ஒரு பிரதி வைத்தேன். இவ்வளவும் ஒரு பிற்பகல் வேலை. அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

மறுநாள் காலை அக்காவைத் தேடிப் போனேன். கடற்கரைச் சாலையோரம் அவர் நாத்தனாரின் மீன் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் சீவிக் கழுவிக்கொண்டிருந்தார். எதை விட்டுப் போனாரோ அதற்கே திரும்ப வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியை நிறுத்தவில்லை.

"இன்னா, மீனு வேணுமா?"

"அக்கா, நீங்க போட்டது நெசம். என் தப்புதான்."

நடந்ததை நின்றபடியே சொன்னேன். கேட்டுக்கொண்டே மூன்று மீன்களைக் கழுவி முடித்தார். நாத்தனார்தான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தார்.

"டேய், நாலு நாளா சோறு துன்னாம கீது இது! தெருவுல ஒருத்தி வந்து, கெயவனக் கொல்லப் பாத்தியாமேன்னு கேக்குறா! இப்போ வந்து தப்புன்றியா?"

"வுடு நீ," என்றார் அக்கா. தண்ணீரில் கையை அலசிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "மேடம் நேத்து போன் பண்ணாங்க. வேற வூடு தர்றாங்களாம். நான் வேலையக் கேக்கல நைனா. எந்த எடத்துல என்னப் பொய்க்காரின்னு போட்டாங்களோ அந்த எடத்துல போடு. அத்தினி பேரும் பாத்தாங்கல்ல? அத்தினி பேரும் பாக்கணும்."

"மேடம் வேணாம்னாங்க."

"அப்போ எதுக்கு வந்த?"

எனக்குப் போக இன்னொரு ஊர் எப்போதும் இருந்திருக்கிறது. வேலை போனால் பஸ் ஏறிவிடுவேன். அக்காவுக்கு இந்தத் தெருதான்.

அங்கேயே, பலகைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பொதுக் க்ரூப்பில் எழுதினேன். மயிலாப்பூர் வீட்டில் அன்றைக்கு ஏழேகாலுக்கு ஊசி போட்டு, அதை எழுதியும் வைத்தார் அந்த அம்மா. ஆப்பில் நான் எழுதிய விதி அதைத் தள்ளிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. ஆப் எழுதிய நான்தான் தெரியாமல் பொய் சொன்னேன். அனுப்பினேன். சாம்பல் நிறம் கறுத்தது.

"எங்க? ஒண்ணும் வர்லியே," என்றார் அக்கா தன் போனைப் பிடித்துக்கொண்டு. அவர் திரையில் கடைசியாக இருந்தது மேடத்தின் பழைய வரிதான். பட்டியலிலிருந்து எடுத்தபோது அவர் போனின் லிசனரை சர்வர் துண்டித்துவிட்டது. ஏற்கெனவே போனுக்குள் வந்துவிட்டது மட்டும் அப்படியே தங்கிவிட்டது. நான்கு நாளாக அவர் திரும்பத் திரும்பப் பார்த்தது அந்த ஒரு வரியை.

பட்டியலில் அவரை மறுபடி சேர்த்தேன். அப்போதும் வரவில்லை. ஒரு தடவை துண்டிக்கப்பட்ட லிசனர் தானாக எழுந்திருக்காது. "ஆப்ப முழுசா மூடிட்டுத் தெறங்கக்கா." மீன் வாடையடிக்கும் கையால் மூடித் திறந்தார். நான் திருத்தியிருந்த புதிய ஆப்பும் இறங்கியது. என் வரி வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார்.

அப்போதுதான் மற்றவை வர ஆரம்பித்தன. அடையாறு வீட்டுப் பெண்: எனக்கும் போன மாசம் போச்சு, நான் மறந்துட்டேன்னு நெனச்சேன். பெசன்ட் நகர்: எனக்கு மூணு தடவ, மேடம் திட்டுனாங்க. இன்னொருத்தி: எழுதுன வரியக் காணோமேன்னு நான் மறுபடியும் மாத்திரை குடுத்துட்டேன், சாமி, நல்லவேள வெறும் வைட்டமினு. ஒன்றன்பின் ஒன்றாக. அக்கா போனைக் கீழே வைக்கவே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் அவர் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

"இத்தினி பேரா?" என்றார். "எல்லாரும் கம்முனு இருந்தோமா?"

என் போன் அடித்தது. மேடம்.

"எடுத்துரு அத! இப்பவே எடுத்துரு!"

"அழிக்க முடியாது மேடம். நீங்கதான் கேட்டீங்க."

உண்மையில் என்னால் முடியும். விதியெல்லாம் போனிலிருந்து வருகிறவர்களுக்குத்தான். கன்சோல் என்கிற நிர்வாகப் பக்கம் வழியாக உள்ளே போனால் எந்த வரியையும் எடுத்துவிடலாம். மேடத்துக்கும் அது தெரியும். போனை வைத்துவிட்டார். அந்த வாரத்தோடு என் வேலை முடிந்தது. அந்த வரியை யாரும் எடுக்கவில்லை. மேடமும் வேறொருவரை வைத்து எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை.

அக்கா க்ரூப்பில் ஏதோ எழுத ஆரம்பித்தார். நிதானமாக, ஒரு விரலால். நான் எட்டிப் பார்த்தேன்: 'பெரியவருக்கு ஊசி ஏழேகாலுக்கு போட்டாச்சு.' அவ்வளவுதான். அன்றைக்கு எழுதிய அதே வரி. அனுப்பினார். சாம்பலாக நின்று, கறுத்தது.

போனைப் பலகை மேல், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். ஒரு அம்மா வந்து வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டார். நாத்தனார் பதில் சொன்னார். அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"காணாமப் போவுமா இது?"

"போகாது அக்கா."

"நீ அன்னிக்கும் இதேதான் சொன்ன," என்றார். திரை அணைந்தபோதெல்லாம் விரலால் தட்டித் தட்டி எழுப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பக்கத்தில் குந்தியபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.